தண்ணீரும் வரிசையில் நிற்கிறது: மின்னாற்பகுப்புக் கேள்விகளில் விடை தவறும் இடம்

சோடியம் குளோரைடு கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் என்ன கிடைக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களில் இதற்கு 'சோடியம்' என்று எழுதியிருப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். அப்படி எழுதுகிறவர்களை நான் அதிகம் திட்டுவதில்லை. ஹம்ப்ரி டேவியே முதலில் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றார்.

1807இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி காரங்களை மின்சாரத்தால் உடைத்துப் பார்க்க முயன்றார். பொட்டாஷை நீரில் கரைத்து, தன்னிடமிருந்த பெரிய மின்கல அடுக்கை இணைத்தார். இரண்டு பக்கமும் குமிழிகள் வந்தன. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். பொட்டாஷ் அசையவே இல்லை, உடைந்தது தண்ணீர்தான். அப்புறம் அவர் தண்ணீரை விலக்கிவிட்டு, மேலே காற்றின் ஈரம் மட்டும் லேசாகப் படிந்த திடப் பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சினார். பொட்டாஷ் உருகியது. எதிர்மின்வாயில் பாதரசம்போல மின்னும் சிறு துளிகள் தோன்றின, சில வெடித்து எரிந்தன. அதுதான் பொட்டாசியம். சில நாட்களில் அதே வழியில் சோடியமும் வந்தது.

ஆகவே கேள்வியில் முதலில் தேட வேண்டிய சொல் 'உருகிய' என்பதா, 'கரைசல்' என்பதா என்பதே. உருகிய உப்பு என்றால் வேலை சுலபம். உள்ளே இருப்பவை இரண்டே அயனிகள், எதிர்மின்வாயில் உலோகம், நேர்மின்வாயில் அலோகம், முடிந்தது. கரைசல் என்றால் உப்பின் அயனிகளோடு தண்ணீரும் இரண்டு மின்வாய்களிலும் போட்டிக்கு வந்து நிற்கும். உப்பின் பெயரை மட்டும் பார்த்து விடை எழுதுகிறவர் இந்த மூன்றாவது ஆளை மறந்துவிடுகிறார்.

எதிர்மின்வாயின் வேலை எலக்ட்ரானைக் கொடுப்பது. அதை யார் எளிதாக வாங்கிக்கொள்கிறார்களோ அவர்களே ஒடுக்கமடைவார்கள். அந்த எளிமையைத்தான் திட்ட ஒடுக்க மின்னழுத்த அட்டவணை எண்களாகச் சொல்கிறது. Na⁺ அயனிக்கு அந்த எண் −2.71 V. நடுநிலையான தண்ணீர் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனாக மாறுவதற்கு சுமார் −0.41 V. இடைவெளி இரண்டு வோல்ட்டுக்கும் மேல். எனவே 2H₂O + 2e⁻ → H₂ + 2OH⁻ என்பதே நடக்கும். மின்வாயைச் சுற்றி OH⁻ சேரும். சோடியம் அயனி பக்கத்தில் வந்து நின்று, அந்த OH⁻ அயனிகளின் மின்சுமையைச் சமன் செய்வதோடு சரி.

டியூஷன் வட்டாரத்தில் ஒரு விளக்கம் உலவுகிறது: முதலில் சோடியம் உண்டாகும், உடனே தண்ணீரோடு வினைபட்டு ஹைட்ரஜனைக் கொடுக்கும், அதனால்தான் ஹைட்ரஜன் வருகிறது என்று. கடைசியில் கிடைக்கும் பொருட்கள் ஒத்துப்போவதால் இது சரிபோலவே தோன்றும். சாதாரண கார்பன், பிளாட்டினம் அல்லது இரும்பு மின்வாயில் நடப்பது அது அல்ல. ஹைட்ரஜன் வெளிவரத் தொடங்கிவிட்ட மின்வாயின் அழுத்தம் சோடியம் படியும் அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை.

நேர்மின்வாயில் கதை தலைகீழ். அங்கே எலக்ட்ரானை யார் எளிதாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சல்பேட்டும் நைட்ரேட்டும் கரைசலில் இருந்தால் அவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். சல்பேட்டில் கந்தகம் +6 நிலையிலும் நைட்ரேட்டில் நைட்ரஜன் +5 நிலையிலும் உள்ளன. இரண்டும் தம்மால் முடிந்தவரை எலக்ட்ரானை இழந்தாகிவிட்டது. ஆகவே தண்ணீர்தான் எலக்ட்ரானைக் கொடுத்து ஆக்சிஜனாக மாறும். சோடியம் சல்பேட் கரைசலில் இரண்டு பக்கமும் தண்ணீரே ஜெயிப்பது இதனால்தான். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு, உப்பு அப்படியே இருக்கும்.

சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழில் ஆனோடை நேர்மின்வாய் என்கிறோம். மின்னாற்பகுப்பில் அது மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்திருப்பதால் பெயர் பொருந்துகிறது. டேனியல் மின்கலம் போன்ற மின்சாரம் தரும் கலங்களில் ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனை எதிர்க்குறி கொண்டது, அங்கே இந்தப் பெயர் காலை வாரிவிடும். குறியை நம்பாமல், ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு என்று மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு பாடத்திலும் குழப்பம் இல்லை.

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 0.1 M காப்பர் சல்பேட் கரைசல், அதாவது நம் மயில்துத்தம், 100 மில்லிலிட்டர். இரண்டும் பிளாட்டினம் மின்வாய்கள். 0.5 ஆம்பியர் மின்னோட்டம். எதிர்மின்வாயில் போட்டி Cu²⁺ அயனிக்கும் தண்ணீருக்கும். தாமிரத்தின் எண் +0.34 V, தண்ணீரைவிட மேலே. ஆகவே தாமிரம் செம்பு நிறத்தில் படியும். நேர்மின்வாயில் சல்பேட் ஒதுங்கிக்கொள்ள, தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வரும். ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறோடும் நான்கு H⁺ கரைசலில் தங்கும்.

கரைசலில் இருப்பது 0.01 மோல் தாமிர அயனி. அது முழுவதும் படிய 0.02 மோல் எலக்ட்ரான் வேண்டும். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,500 கூலும் என்பதால் 1930 கூலும். அதை 0.5 ஆம்பியரால் வகுத்தால் 3860 வினாடி, ஏறக்குறைய 64 நிமிடம். இந்த நேரத்தில் நீல நிறம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் நிறமற்ற கரைசல் மிஞ்சும். அது வெறும் தண்ணீர் அல்ல. தாமிரம் போன இடத்தில் H⁺ வந்து உட்கார்ந்திருப்பதால் 0.1 M சல்பியூரிக் அமிலம். 'கரைசலின் pH என்ன ஆகும்' என்று கேள்வித்தாள் கேட்டால் குறையும் என்பதற்குக் காரணம் இதுவே.

இதே கரைசலில் ஒன்றரை மணி நேரம் கழித்து எதிர்மின்வாயில் என்ன வரும் என்றும் கேட்பார்கள். தாமிரம் தீர்ந்தபின் H⁺ தான் பாக்கி, எனவே ஹைட்ரஜன். காகிதத்தில் 64ஆவது நிமிடத்தில் கோடு போட்டதுபோல மாறும். கையால் செய்து பார்த்தால் அப்படி இல்லை. தாமிரம் பாதிக்குமேல் குறைந்த பிறகு மின்வாயின் அருகே அயனிகள் போதுமான வேகத்தில் வந்து சேர்வதில்லை, மின்னோட்டமோ 0.5 ஆம்பியர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பற்றாக்குறையை H⁺ ஈடு செய்யும். அப்போது தாமிரத்தோடு குமிழிகளும் வரும், படிவு பளபளப்பை இழந்து கருத்த தூளாகிக் கீழே உதிரும். ஆய்வகத்தில் படிந்த தாமிரத்தை எடை போட்டுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிளாட்டினத்தை எடுத்துவிட்டு இரண்டு தாமிரத் தகடுகளை வைத்தால் கதை வேறு. நேர்மின்வாயில் இப்போது தண்ணீரோடு தகட்டின் தாமிரமும் போட்டியில் இருக்கிறது. எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் தாமிரம் தண்ணீரைவிட எளிது. எனவே ஆக்சிஜன் வராது, தகடே கரையும். ஒரு பக்கம் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு மறுபக்கம் படிவதால் நீல நிறம் மாறாது, pH மாறாது. தாமிரச் சுத்திகரிப்பு ஆலையில் நடப்பது இதுதான். தகட்டில் உள்ள இரும்பு, நிக்கல், துத்தநாகம் கரைந்தாலும் எதிர்மின்வாயில் படியாமல் கரைசலிலேயே தங்குகின்றன. வெள்ளியும் தங்கமும் கரையவே கரையாமல் அடியில் சேறாகப் படிகின்றன. அந்தச் சேற்றைத் தனியாக எடுத்து விற்பார்கள். ஆகவே மின்வாய் எதனால் ஆனது என்று கேள்வியில் ஒரு சொல் இருந்தால், அது அலங்காரத்துக்குப் போட்டது அல்ல.

இதுவரை அட்டவணை நம்மைக் கைவிடவில்லை. குளோரைடில் கைவிடும்.

சோடியம் குளோரைடு கரைசலின் நேர்மின்வாயில் குளோரைடும் தண்ணீரும் நிற்கின்றன. குளோரினின் எண் +1.36 V, ஆக்சிஜனின் எண் +1.23 V. ஆக்சிஜனேற்றத்தில் எண் சிறியதே எளிது என்பதால் ஆக்சிஜன் வர வேண்டும். உண்மையில் அடர்ந்த உப்புக் கரைசலில் வருவது குளோரின். தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளங்களை ஒட்டியிருக்கும் சாகுபுரம் காஸ்டிக் சோடா ஆலையின் தொழிலே இந்த முரண்பாட்டின்மேல் நிற்கிறது.

பெரும்பாலான குறிப்பேடுகள் 'செறிவு அதிகம் என்பதால்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அது எவ்வளவு தூரம் உண்மை என்று நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். ஆலைகளில் பயன்படுத்தும் உப்புக் கரைசல் லிட்டருக்கு சுமார் 300 கிராம், ஏறத்தாழ 5 M. அந்தச் செறிவில் குளோரினின் எண் 1.36இலிருந்து 1.32 V ஆகக் குறைகிறது. வெறும் 0.04 V சலுகை. ஆக்சிஜன் பக்கம் பார்த்தால், +1.23 V என்பது pH பூஜ்யத்துக்கு உரிய எண். ஆலையில் நேர்மின்வாய்ப் பக்கத்தை pH 3 அளவில் வைத்தால்கூட அது 1.05 V தான். எல்லாக் கழித்தலும் கூட்டலும் போட்ட பிறகும் ஆக்சிஜன் கால் வோல்ட் எளிதாகவே இருக்கிறது. ஆக, செறிவு மட்டும் காரணமாக முடியாது.

அட்டவணை சொல்வது எது எளிது என்பதை, எது வேகம் என்பதை அல்ல. குளோரின் உண்டாக இரண்டு குளோரைடு அயனிகள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை விட்டு ஒட்டிக்கொண்டால் போதும். ஆக்சிஜன் உண்டாக இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களும் நான்கு புரோட்டான்களும் படிப்படியாக வெளியேற வேண்டும், நடுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையே புதுப் பிணைப்பு உண்டாக வேண்டும். இத்தனை படிகளையும் உருப்படியான வேகத்தில் ஓட்ட, கணக்குக்கு மேல் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் மிகை மின்னழுத்தம். கிராஃபைட், பிளாட்டினம் போன்ற மின்வாய்களில் ஆக்சிஜனுக்கு இது அரை வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலேயோ போகும், குளோரினுக்கு மிகவும் குறைவு. கால் வோல்ட் முன்னிலை அங்கே கரைந்துவிடுகிறது. குளோரின் முந்திக்கொள்கிறது.

அப்படியானால் செறிவுக்கு என்ன வேலை? தாமிரத்தில் பார்த்த அதே வேலைதான். குளோரைடு குறைவாக இருந்தால் அயனிகள் மின்வாய்க்கு வந்து சேரும் வேகம் மின்னோட்டத்துக்குப் போதாது, மீதியைத் தண்ணீர் சுமக்க வேண்டும். 0.01 M கரைசலில் குளோரினின் எண்ணும் 1.48 V ஆக ஏறிவிடுகிறது. அதனால்தான் மிக நீர்த்த கரைசலில் பெரும்பாலும் ஆக்சிஜன். நடுவில் உள்ள செறிவுகளில் இரண்டும் கலந்தே வரும். இந்தச் செறிவுக்கு மேல் குளோரின், கீழே ஆக்சிஜன் என்று எந்த எல்லைக்கோடும் கிடையாது. ஆலையின் குளோரினில்கூட ஆக்சிஜன் கொஞ்சம் கலந்திருக்கும்.

கடல்நீரில் குளோரைடு ஏறத்தாழ 0.5 M தான். அதில் சாதாரண நேர்மின்வாயை வைத்தால் பெரும்பாலும் குளோரின் வரும். கடற்கரை மின்நிலையங்கள் குளிர்விப்புக் குழாய்களில் சிப்பியும் பாசியும் சேராமல் தடுக்க இப்படித்தான் கடல்நீரிலிருந்தே ஹைப்போகுளோரைட்டைச் செய்துகொள்கின்றன. அதே கடல்நீரில் மாங்கனீஸ் டைஆக்சைடு பூசிய நேர்மின்வாயை வைத்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் வருகிறது. செறிவு மாறவில்லை, மின்வாயின் தோல் மட்டும் மாறியது. குளோரின் ஆலைகள் இதற்கு நேரெதிரான தோலைத் தேடின. 1960களில் ஹென்ரி பீர் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் மின்வாயைக் கொண்டுவந்தார். தேய்ந்துகொண்டே போன கிராஃபைட்டை அது ஓரங்கட்டியது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இந்த வகை டைட்டானியம் மின்வாய்களில் பெயர் பெற்றது.

எதிர்மின்வாயிலும் இந்தத் தோல் விளையாட்டு உண்டு. காஸ்ட்னர், கெல்னர் இருவரின் பெயரால் 1890களில் வந்த முறையில் எதிர்மின்வாய் பாதரசம். பாதரசத்தின்மேல் ஹைட்ரஜன் உண்டாக மிகப் பெரிய மிகை மின்னழுத்தம் தேவை, கூடவே சோடியம் பாதரசத்தில் கரைந்து ரசக்கலவையாவதால் அதன் வேலையும் எளிதாகிறது. ஆகவே அதே தண்ணீர்க் கரைசலில், அதே உப்பில், எதிர்மின்வாயில் சோடியம்! விடைத்தாளில் சோடியம் என்று எழுதிய மாணவர் 'பாதரச எதிர்மின்வாய்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் முழு மதிப்பெண். பாதரச மாசு காரணமாக இந்த முறையை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள், இடத்தைச் சவ்வுக் கலங்கள் பிடித்துக்கொண்டன.

அந்தச் சவ்வு ஏன் என்பதும் ஒரு கேள்வியாக வரும். ஒரு பீக்கரில் இரண்டு கார்பன் தண்டுகளை வைத்துச் செய்தால் நேர்மின்வாயில் பிறக்கும் குளோரினும் எதிர்மின்வாயில் சேரும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகிவிடும். கரைசல் சூடானால் குளோரேட்டும் வரும். 'மின்வாயில் என்ன' என்பதும் 'பாத்திரத்தில் கடைசியில் என்ன' என்பதும் வெவ்வேறு கேள்விகள். கேள்வித்தாள் எதைக் கேட்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆய்வகத்தில் வந்தது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டால் எதிர்மின்வாயைச் சுற்றி மட்டும் இளஞ்சிவப்பு பரவும், அது OH⁻. நேர்மின்வாய் வாயுவில் ஈரமான நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் சிவந்து, பிறகு வெளுத்துவிடும், அது குளோரின். ஆக்சிஜன் என்றால் கனலும் குச்சி மீண்டும் எரியும். கன அளவை நம்பி முடிவெடுப்பதில்தான் ஆபத்து. குளோரின் தண்ணீரில் ஓரளவு கரைவதால் ஹைட்ரஜனுக்குச் சமமாக வர வேண்டியது குறைவாகவே தெரியும். கரைசல் குளோரினால் நிறைந்த பிறகே அளவு ஒத்துப்போகத் தொடங்கும். கார்பன் நேர்மின்வாயில் ஆக்சிஜன் வரும்போதோ அது கார்பனையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கார்பன் டைஆக்சைடு ஆகும். தண்டு மெலியும், கரைசலில் கரித்தூள் மிதக்கும்.

மற்ற ஹாலைடுகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. அயோடைடுக்கு 0.54 V தான், எனவே தயக்கமின்றி அயோடின், நேர்மின்வாயைச் சுற்றிப் பழுப்பு நிறம். புரோமைடும் அப்படியே, புரோமின். ஃபுளூரைடுக்கு 2.87 V, தண்ணீர் இருக்கும்வரை அதற்கு வாய்ப்பே இல்லை, எனவே ஆக்சிஜன்.

கடைசியாக, விடைக்குறிப்புகளே ஒன்றோடொன்று சண்டையிடும் ஒரு கரைசல்: துத்தநாக சல்பேட். நேர்மின்வாயில் ஆக்சிஜன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிர்மின்வாயில் துத்தநாகத்தின் எண் −0.76 V, தண்ணீருக்கு −0.41 V, ஆகவே ஹைட்ரஜன் என்று சிலர் எழுதுவார்கள், துத்தநாகம் என்று சிலர் எழுதுவார்கள். ஆலையில் சல்பியூரிக் அமிலம் கலந்த துத்தநாக சல்பேட் கரைசலிலிருந்து அலுமினியத் தகடுகளின்மேல் துத்தநாகத்தையே படியவைத்து உரித்தெடுக்கிறார்கள். அமிலம் இருக்கும்போது ஹைட்ரஜனுக்கு இன்னும் வசதி, ஆனாலும் படிவது துத்தநாகம். துத்தநாகப் பரப்பின்மேல் ஹைட்ரஜன் உண்டாவது அவ்வளவு மந்தம். எனவே அடர்ந்த கரைசல் என்று கேள்வி சொன்னால் நான் துத்தநாகம் என்றுதான் எழுதுவேன், மிகை மின்னழுத்தம் என்று காரணமும் சேர்ப்பேன். அந்த மந்தம் எவ்வளவு மெல்லியது என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியும். கரைசலில் ஆன்டிமனியோ ஜெர்மேனியமோ துளியளவு கலந்தால் போதும், அது படிந்த இடத்தில் ஹைட்ரஜன் தடையின்றிக் கிளம்பும், படிந்த துத்தநாகமே திரும்பக் கரையத் தொடங்கும். தகட்டின்மேல் திடீரென்று குமிழிகள் கூடினால், கரைசலைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு ஆள் அனுப்புவார்கள்.